தெரு பதினெட்டு அடி, யானை பத்தடி

கேள்வி: எங்கள் கோயில் திருவிழாவில் சுவாமி வீதியுலாவுக்கு முன்னால் யானை விடலாம் என்று பேச்சு நடக்கிறது. உங்கள் ஊரில் யானை மிரண்டு ஒரு பக்தருக்கு அடிபட்டது என்று கேள்விப்பட்டோம். விழாக் குழுவில் இருக்கும் நீங்களே சொன்னால் நல்லது. எதனால் மிரண்டது, அப்போது என்ன செய்தீர்கள், நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்:

நான் விழாக் குழுவின் செயலாளர். அன்று இரவு யானைக்கு இருபதடி தூரத்தில் நின்றவன். பாகன் எச்சரித்தது என்னிடம்தான். அதனால் பொறுப்பை வேறு யார் மேலும் போடாமல், நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

பங்குனித் திருவிழாவின் ஏழாம் நாள் இரவு. யானை எங்கள் கோயிலுடையது அல்ல, வேறு ஊரிலிருந்து வரவழைத்தது. பெண் யானை. பதினைந்து வருஷத்துக்கு மேல் திருவிழாக்களுக்குப் போய்ப் பழகியது. வனத்துறை அனுமதி, கால்நடை மருத்துவரின் உடல்தகுதிச் சான்று, காவல் நிலையத்தில் ஊர்வல அனுமதி எல்லாம் கையில் இருந்தன. அந்தக் காகிதங்கள் எங்களுக்குப் பெரிய தைரியத்தைக் கொடுத்தன. யானை நல்ல ஆரோக்கியமாக இருக்கிறது என்பதை மட்டுமே அவை சொல்லின என்பது பிறகுதான் உறைத்தது. எங்கள் தெரு எவ்வளவு அகலம், அந்தத் தெருவில் அன்று யார் யார் என்னென்ன சத்தம் போடப்போகிறார்கள் என்று எந்தச் சான்றிதழிலும் கேள்வி கிடையாது.

எங்கள் ஊரில் வீதியுலா மண்டகப்படி முறையில் நடக்கும். ஒவ்வொரு மண்டகப்படிதாரரும் தங்கள் வாசலில் சுவாமியை நிறுத்தி, தீபாராதனை காட்டி, பிரசாதம் கொடுப்பார்கள். வரவேற்புக்கு அவரவர் வசதிப்படி வேட்டு, மேளம், சீரியல் லைட். குழுவுக்கும் அவர்களுக்கும் இருந்த ஏற்பாடு நேரத்தைப் பற்றியது மட்டும்தான். எத்தனை மணிக்குச் சுவாமி வரும், எத்தனை நிமிஷம் நிற்கும், அவ்வளவுதான். என்ன வெடிப்பார்கள் என்று நாங்கள் கேட்டதே இல்லை. இத்தனை வருஷமும் யானை இல்லாமல் போன ஊர்வலம் என்பதால் கேட்கத் தோன்றவும் இல்லை.

மூன்றாவது மண்டகப்படியை நெருங்கும்போது மணி 9.05 இருக்கும். பாகன் திரும்பி என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, இது காதை ஆட்டலை. வெடியை நிறுத்தச் சொல்லுங்க, கொஞ்ச நேரம் நிக்கட்டும்" என்றார். நான் யானையைப் பார்த்தேன். அசையாமல் நின்றுகொண்டிருந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது அமைதியாக நிற்பதாகத்தான் பட்டது.

நீங்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். நிம்மதியாக இருக்கும் யானை சும்மா நிற்காது. காது விசிறிக்கொண்டே இருக்கும், வால் ஆடும், ஒரு காலில் பாரத்தை மாற்றி மாற்றி நிற்கும், தும்பிக்கை எதையாவது துழாவும். இந்த அசைவெல்லாம் சட்டென்று நின்றுபோனால் யானை எதையோ கவனிக்கிறது, அடுத்து என்ன செய்வது என்று பார்க்கிறது என்று பொருள். காது விரிந்து அப்படியே விறைத்திருக்கும். வால் சற்றே தூக்கி நிற்கும். தும்பிக்கை நுனி உள்ளே சுருண்டு வாய்ப் பக்கம் போகும். சில யானைகள் அந்த நேரத்தில் லத்தியோ மூத்திரமோ போடும். கண்ணுக்கும் காதுக்கும் நடுவே இருக்கும் சுரப்பியிலிருந்து நீர் கசியலாம். ஆண் யானைக்கு மதநீர் வருவது எல்லோருக்கும் தெரியும். மிரட்சியில் பெண் யானைக்கும் அங்கே கசிவு வரக்கூடும் என்பது எங்கள் குழுவில் ஒருவருக்கும் தெரியாது. அன்று எடுத்த ஒரு செல்போன் வீடியோவைப் பிறகு போட்டுப் பார்த்தபோது நெற்றிப் பட்டத்துக்குக் கீழே கன்னத்தில் ஈரக்கோடு ஒன்று சீரியல் லைட் வெளிச்சத்தில் மின்னுவது தெரிந்தது. அந்த வீடியோவை எடுத்தவர், பின்னணியில் "எவ்ளோ சாதுவா நிக்குது பாரு" என்று சொல்கிறார்.

பாகன் சொன்னதும் மண்டகப்படிக்காரருக்குப் போன் போட்டேன். மேளச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. ஒரு பையனை ஓடச் சொன்னேன். கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவன் பாதித் தூரம்கூடப் போகவில்லை. 9.12-க்குத் தெருமுனையில் இருந்த காலி மனையில் முதல் அதிர்வேட்டு வெடித்தது. யானை நின்ற இடத்திலேயே பின்வாங்கி, உடம்பைப் பாதி திருப்பியது. அந்த நொடியில் அதற்குப் பின்னால் ஏழெட்டு அடியில் ஒரு பையன் பேப்பர் பிளாஸ்ட் மெஷினை அழுத்திவிட்டான். கல்யாண மண்டபங்களில் பார்த்திருப்பீர்கள். கேஸ் சிலிண்டரோடு இணைத்து, கலர் காகிதத்தைப் பீய்ச்சி அடிக்கும் துப்பாக்கி. முன்னால் வெடி, பின்னால் பாம்பு சீறுவதுபோல் ஒரு நீண்ட சத்தம், தலைக்கு மேல் காகிதம். அந்த மெஷின் வருகிறது என்பதே குழுவில் எவருக்கும் தெரியாது.

யானை யாரையும் தாக்கவில்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் மறுநாள் ஊரெல்லாம் "யானைக்கு மதம் பிடித்துவிட்டது" என்றே பேச்சு. அது செய்தது ஒன்றே ஒன்று. வந்த வழியே திரும்பிப் போகப் பார்த்தது. எங்கள் தெரு சுவருக்குச் சுவர் பதினெட்டு அடி. இரண்டு பக்கமும் வாசற்படி இரண்டிரண்டு அடி. ஒரு பக்கம் வரிசையாக பைக். மிஞ்சியது பன்னிரண்டு அடிக்கும் குறைவு. எட்டடி உயரமுள்ள யானை, நெற்றியிலிருந்து வால்வரை பத்தடிக்கு மேல் நீளம். அது திரும்பும்போது தலை ஒரு பக்கம் போனால் பின்பக்கம் மறுபக்கம் வீசும். வீசிய இடத்தில் ஒருவர் அர்ச்சனைத் தட்டோடு படியோரம் நின்றிருந்தார். யானைக்குப் பின்பக்கம் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. அதன் தொடை அவரைப் படியின் பக்கச் சுவரோடு சேர்த்து அழுத்தியது. இரண்டு விநாடிகூட இருக்காது. தட்டிலிருந்த தேங்காய் மூடி ஒன்று உருண்டு என் காலடிக்கு வந்து நின்றது.

மறுநாளிலிருந்து நாங்கள் தேடிப் பார்த்ததில் ஒரு விஷயம் தெளிவானது. சத்தம்தான் யானையை மிரட்டியது. ஆனால் மனிதருக்கு அடிபட்டது இடமில்லாததால். அதே யானை, அதே வேட்டுக்கு, ஒரு திறந்த மைதானத்தில் மிரண்டிருந்தால் நாற்பதடி ஓடி நின்றிருக்கும். இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்காமல் "சத்தத்தைக் குறைத்தால் போதும்" என்று மட்டும் முடிவெடுத்தால் பாதி வேலைதான் ஆகும்.

சத்தத்தைப் பற்றி முதலில். சட்டப்படி பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபல்வரை இருக்கலாம். திறந்தவெளியில் தூரம் இரட்டிப்பாக இரட்டிப்பாகச் சத்தம் 6 டெசிபல் குறையும். அப்படிக் கணக்குப் போட்டால் 8 மீட்டரில் 119, 16 மீட்டரில் 113, 32 மீட்டரில் 107. நூறு மீட்டர் தள்ளி வெடித்தாலும் 97 டெசிபல் வந்து சேரும். இது சட்டத்துக்கு உட்பட்ட பட்டாசுக்கு. நாட்டு அதிர்வேட்டு அந்த வரம்புக்குள் நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதோடு இரண்டு பக்கமும் சுவர் இருக்கும் தெருவில் சத்தம் கலைந்து போகாமல் சுவரில் மோதித் திரும்பும். அதனால் இந்தக் கணக்கு சொல்வதைவிட அதிகமாகவே வரும். எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதும் குழம்பிப்போகும். எங்கள் யானை நின்ற இடத்திலிருந்து வேட்டு வெடித்த மனை முப்பது மீட்டர்.

இன்னொன்று, நமக்குக் கேட்பது மட்டும் அதற்குக் கேட்பதில்லை. மனிதக் காதுக்கு 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி கேட்காது. ஆசிய யானைகள் 14 முதல் 24 ஹெர்ட்ஸ்வரையான ஒலியில் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்று 1986-இல் ஓர் ஆய்வு காட்டியது. சீரியல் செட்டுக்கு நாம் இழுத்துப் போகும் டீசல் ஜெனரேட்டர் நிமிஷத்துக்கு 1500 சுற்று சுற்றும், அதாவது விநாடிக்கு 25. டிஜே பாக்ஸின் அடித்தொனியும் தாழ்ந்த ஒலிதான். நமக்கு வெறும் 'தும் தும்' என்று நெஞ்சில் படுவது, யானை காது கொடுத்துக் கேட்கும் எல்லைக்குள் இருக்கிறது. அன்று ஜெனரேட்டர் வண்டி யானைக்குப் பின்னாலேயே ஒரு மணி நேரம் வந்தது. அதனால்தான் மிரண்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வேட்டு வெடிப்பதற்கு முன்பே அது ஒரு மணி நேரமாகப் பொறுத்துக்கொண்டிருந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

பொறுத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு மணி நேரம் மட்டுமல்ல. முந்தின நாள் இரவு லாரியில் வந்து இறங்கியது. யானை நள்ளிரவுக்குப் பிறகு சில மணி நேரம் படுத்துத் தூங்கும். நாங்கள் அதைக் கட்டிய இடம் அன்னதானப் பந்தலுக்குப் பக்கத்தில். விடிய விடிய டியூப் லைட், காய்கறி நறுக்கும் கூட்டம், ஒலிபெருக்கியில் பாட்டு. அது படுக்கவே இல்லை என்று உதவிப் பாகன் காலையிலேயே சொன்னார். பகலில் குழந்தைகளை ஆசீர்வாதம் வாங்க வைக்க வரிசை கட்டி நின்றார்கள். தண்ணீர் கொடுத்தோம், கரும்பும் கொடுத்தோம், ஆனால் தனியே விடவில்லை. "பதினைந்து வருஷம் பழகிய யானை" என்று நாங்கள் நம்பிய பழக்கம், தூங்கி எழுந்து ஓய்வாக இருக்கும் யானைக்கு உரியது. பழக்கம் என்பதும் அது அறிந்த சத்தத்துக்குத்தான். முன்னால் போகும் நாதஸ்வரமும் தவிலும் அதற்குத் தெரியும். பின்னாலிருந்து பீய்ச்சும் கேஸ் தெரியாது.

கேரளத்தில் இந்தத் தூரக் கணக்கை நீதிமன்றமே எண்ணாக எழுதிப் பார்த்தது. 2024 நவம்பரில் அங்குள்ள உயர் நீதிமன்றம், யானைக்கும் யானைக்கும் இடையே 3 மீட்டர், தீவெட்டியிலிருந்து 5 மீட்டர், மக்களிடமிருந்தும் மேளத்திடமிருந்தும் 8 மீட்டர், வாணவேடிக்கையிலிருந்து 100 மீட்டர் என்று வரையறுத்தது. உச்ச நீதிமன்றம் டிசம்பரில் அதை நிறுத்திவைத்தது. அதனால் இன்று அதைச் சட்டமாக நான் உங்களிடம் காட்டவில்லை, ஓர் அளவுகோலாகக் காட்டுகிறேன். அதற்கு மறு வருஷம் பிப்ரவரியில் கொயிலாண்டியில் ஒரு கோயில் விழாவில் யானைகள் மிரண்டு ஓடியதில் மூன்று பேர் இறந்தார்கள். எட்டு மீட்டர் என்பது இருபத்தாறு அடி. யானையின் இரண்டு பக்கமும் எட்டெட்டு மீட்டர் விட வேண்டுமானால் தெரு ஐம்பத்தாறு அடிக்கு மேல் இருக்க வேண்டும். எங்கள் ஊரில் தேரோடும் வீதிகூட அவ்வளவு அகலமில்லை.

அடிபட்ட பிறகு நடந்ததற்கு வருகிறேன். இங்கேயும் நாங்கள் தவறு செய்தோம், ஒரு பெண் அதைத் தடுத்தார்.

விழுந்தவரை நாலைந்து பேர் கை கால் பிடித்துத் தூக்கினார்கள். ஒருவர் சோடாவை வாயில் ஊற்றப் போனார். கூட்டத்தில் இருந்த நர்ஸ் ஒருவர் அதட்டி நிறுத்தி, அப்படியே மல்லாக்கப் படுக்க வைக்கச் சொன்னார். யானை அழுத்திய அடியில் வெளியே ரத்தமே வராமல் இருக்கலாம். இடுப்பெலும்பு உடைந்திருந்தால் உள்ளே லிட்டர் கணக்கில் ரத்தம் கசியும். ஆள் பேசிக்கொண்டே இருப்பார், முகம் வெளுத்துக்கொண்டே போகும், கை ஜில்லென்று ஆகும், வியர்க்கும், தாகம் என்பார். தண்ணீர் கொடுத்தால் அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது வாந்தி எடுத்து மூச்சுக்குழாயில் போகலாம். அந்த நர்ஸ் ஒரு வேட்டியை வாங்கி நாலாக மடித்து, இடுப்புக்குக் கீழே, இரண்டு பக்கமும் தொடை எலும்பின் மேல்முனை தோலுக்கடியில் கைக்குத் தட்டுப்படும் அந்த மட்டத்தில், இறுக்கிச் சுற்றிக் கட்டினார். பலர் இதை வயிற்றுமேல் கட்டிவிடுவார்கள், அதனால் பயனில்லை. இரண்டு முழங்காலையும் சேர்த்து ஒரு துண்டால் கட்டினார். காலை இழுக்கவோ, ஆளை உருட்டவோ, உட்கார வைக்கவோ விடவில்லை. "அண்ணே, அசைக்காதீங்க, அசைச்சா உள்ள இன்னும் ஒழுகும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மருத்துவமனையில் மருத்துவர் முதலில் கேட்டதே இந்தக் கட்டை யார் போட்டது என்றுதான்.

108 வண்டி பன்னிரண்டு நிமிஷத்தில் வந்துவிட்டது. ஆனால் தெருவுக்குள் வர முடியவில்லை. முன்னால் சப்பரம், பின்னால் ஜெனரேட்டர், நடுவில் ஜனம். பந்தல்காரரின் பலகை ஒன்றில் அவரைக் கிடத்தி, இருநூறு மீட்டர் தூக்கிக்கொண்டு போனோம். அந்தத் தூரத்துக்கு இன்னொரு பத்து நிமிஷம். வண்டி நிற்க ஒரு குறுக்குத் தெருவைக் காலியாக விட்டிருந்தால் அந்தப் பத்து நிமிஷம் மிச்சம். இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் முறிவு, விலா எலும்பு இரண்டு. மூன்று யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். அறுவை சிகிச்சை ஆகி இருபத்து மூன்று நாள் அரசு மருத்துவமனையில் இருந்தார்.

யானையைப் பொறுத்தவரை, பாகன் அன்று செய்ததைப் பார்த்தால் நமக்குத் தோன்றுவதற்கு நேர் எதிராக இருக்கும். கூட்டம் கத்திக்கொண்டு ஓடியது, சிலர் கம்பெடுத்தார்கள், பலர் செல்போன் லைட்டை அதன் முகத்துக்கு நேராக அடித்தார்கள். பாகன் முதலில் கேட்டது ஒன்றுதான்: "எல்லாத்தையும் நிறுத்துங்க." வேட்டு, மேளம், மைக், ஜெனரேட்டர், எல்லாம். மைக்கில் "பொதுமக்கள் அமைதி காக்கவும்" என்று நாங்கள் அறிவித்துக்கொண்டிருந்ததும் அதற்கு இன்னொரு சத்தம்தான். பிறகு யானை எந்தப் பக்கம் போக விரும்பியதோ அந்தப் பக்கத்து ஜனத்தைக் குறுக்குச் சந்துகளில் ஒதுக்கச் சொன்னார். வழி திறந்ததும் யானை ஓடவில்லை, வேகமாக நடந்தது. அவர் காதோரம் கையை வைத்து, தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே கூடவே போனார். அங்குசத்தை எடுக்கவே இல்லை. குளத்தங்கரைத் திடலில் சங்கிலி போட்டு, வைக்கோலும் தண்ணீரும் வைத்து, எங்கள் எல்லோரையும் போகச் சொல்லிவிட்டார். முக்கால் மணி நேரம் கழித்து மறுபடி காது ஆட ஆரம்பித்தது என்று உதவிப் பாகன் வந்து சொன்னார்.

மயக்க ஊசி போட்டிருக்கலாமே என்று நிறையப் பேர் கேட்டார்கள். ஊசி பட்டவுடன் யானை விழுவது சினிமாவில்தான். மருந்து வேலை செய்யப் பல நிமிஷங்கள் ஆகும். அந்த நிமிஷங்களில் ஊசி குத்திய வலியோடு யானை ஓடும். குறுகிய தெருவில் அரை மயக்கத்தில் அது சாய்ந்தால் கீழே யார் இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. அது கால்நடை மருத்துவர் முடிவெடுக்க வேண்டியது, விழாக் குழு கேட்டு வாங்குவது அல்ல.

அன்று இரவே காவல் நிலையத்துக்குப் போய் நாங்களே எழுதிக் கொடுத்தோம். விலங்கால் ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளத் தவறியதற்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு இருக்கிறது. ஆறு மாதம்வரை சிறை, ஐயாயிரம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். குழுவில் சிலர், குடும்பத்தாரிடம் பேசி, பணம் கொடுத்து, புகார் வேண்டாம் என்று எழுதி வாங்கிவிடலாம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அடிபட்டவர் கொத்தனார். நடக்கவே மூன்று மாதம், சாரம் ஏற எத்தனை மாதமோ. அந்த வீட்டுக்கு நாம் கொடுக்கும் பணம் நமது கடமை. அதைப் புகாரோடு முடிச்சுப் போட்டால் அது விலை பேசுவதாகிவிடும். ஆறு மாதத்துக்கு மாதம் பதினைந்தாயிரம், மருத்துவமனையில் துணைக்கு இருந்தவரின் செலவு, பிறகு நடைப்பயிற்சிக்கு வண்டிச் செலவு என்று குழு தீர்மானம் போட்டு, ரசீதோடு கொடுத்தோம். அவர் மனைவி முதல் மாதம் வாங்கும்போது கேட்டது, "ஐயா, இதை வாங்கினா நாங்க கேஸு பேசக்கூடாதா?" என்றுதான். பேசலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம்.

பணம் எங்கிருந்து வரும் என்பதில் இரண்டு இடத்தில் ஏமாந்தோம். விபத்துக்கான அரசின் 48 மணி நேர இலவச சிகிச்சைத் திட்டம் சாலை விபத்துக்கு மட்டும்தான். யானையால் அடிபட்டால் அதில் வராது. விழாவுக்கு நாங்கள் எடுத்திருந்த காப்பீட்டைப் பிரித்துப் படித்தபோது, விலங்குகளால் ஏற்படும் காயம் விலக்கப்பட்டது என்று ஒரு வரி இருந்தது. பந்தல் சரிந்தால் உண்டு, யானைக்கு இல்லை. நீங்கள் பாலிசி எடுக்கும்போது அந்த விலக்குப் பட்டியலை முதலில் படியுங்கள். யானையின் உரிமையாளர் தனியே காப்பீடு வைத்திருக்கிறாரா, அது இன்னும் காலாவதி ஆகாமல் இருக்கிறதா, மூன்றாம் நபருக்கு எவ்வளவு என்று காகிதத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

இனி உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதி. என்னைக் கேட்டால், வீதியுலாவில் யானை வேண்டாம். நாங்கள் நிறுத்திவிட்டோம். ஊரில் மன வருத்தம் உண்டு, "யானை இல்லாமல் களையே இல்லை" என்று இன்னும் சொல்கிறார்கள். அந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் பன்னிரண்டு அடி வழியில் பத்தடி யானையை நிறுத்தி இரண்டு பக்கமும் குழந்தைகளோடு ஜனத்தை நிற்க வைப்பதை இனி என்னால் செய்ய முடியாது.

உங்கள் குழு யானை வேண்டும் என்றே முடிவெடுத்தால், அதைக் காலையில், கோயில் வெளிப்பிராகாரம் போன்ற திறந்த இடத்தில், ஒரே இடத்தில் நிறுத்திக் கஜபூஜையாகச் செய்யுங்கள். சுற்றி எட்டு மீட்டருக்குக் கயிறு கட்டுங்கள். பின்பக்கம் ஒரு வழியை முழுக்கத் திறந்து விடுங்கள், அந்த வழியில் ஒரு சைக்கிள்கூட நிற்கக் கூடாது. யானை மிரண்டால் போவதற்கு அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது என்பதுதான் முழுப் பாதுகாப்பும். முந்தின இரவு அது படுத்துத் தூங்கியதா என்று பாகனிடம் கேளுங்கள். இல்லை என்றால் அன்று பூஜை இல்லை. இந்த முடிவை எடுக்கும் உரிமையைப் பாகனுக்கே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். எங்களிடம் நடந்தது என்னவென்றால், ஆபத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவரிடம் நிறுத்தும் அதிகாரம் இல்லை, அதிகாரம் இருந்த எனக்கு ஆபத்து தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவே ஏழு நிமிஷம் போனது.

மண்டகப்படிதாரர்களிடம் நாங்கள் இப்போது ஒரு பக்கக் காகிதத்தில் கையெழுத்து வாங்குகிறோம். என்ன வெடி, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், மெஷின் ஏதாவது உண்டா, யார் அதைக் கையில் வைத்திருப்பார். யானை இல்லாவிட்டாலும் இது தேவைப்படுகிறது, ஏனென்றால் கோயில் காளையும் குதிரையும் அதே தெருவில்தான் வருகின்றன. ஊர்வலத்தை நிறுத்த வேண்டுமானால் போன் போடுவதில்லை. வீதியின் நாலு இடத்தில் ஆள் நிற்கிறார்கள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிவப்பு டார்ச். ஒருவர் தூக்கிக் காட்டினால் அடுத்தவர் தூக்க வேண்டும். சிவப்பு தெரிந்தால் தவில்காரர் உட்பட எல்லோரும் கை எடுத்துவிட வேண்டும். இந்த வருஷம் கொடியேற்றத்துக்கு முந்தின நாள் ஒத்திகை பார்த்தோம். தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் செய்தி போய்ச் சத்தம் அடங்க பதினோரு விநாடி ஆனது.

உங்கள் தெருவின் அகலத்தைப் படியிலிருந்து படிக்கு, வண்டிகள் நிற்கும் நேரத்தில், டேப் வைத்து அளந்து எழுதுங்கள். சுவரிலிருந்து சுவருக்கு அளந்தால் பொய்க் கணக்கு வரும். பாகன் வரும் நாளன்று அந்தத் தாளைக் காட்டி, உங்கள் யானை இங்கே திரும்ப முடியுமா என்று அவரிடம் கேட்டுவிடுங்கள்.